கொடைக்கானலில் மண்பாண்டப் பட்டறை: ஈரத்தையும் தூசியையும் நினைக்காமல் கட்டியதில் போன ஒன்பது மாதம்

மண் வேலையை நான் கற்றுக்கொண்டது புதுச்சேரிப் பக்கம். அங்கே மண் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றாடப் போராட்டம். காலையில் சக்கரத்தில் எடுத்த கோப்பைக்கு மத்தியானம் கைப்பிடி ஒட்டப் போனால் விளிம்பு வெளுத்திருக்கும். ஈரத்துணி போட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றி வைப்போம். அந்தப் பழக்கத்தோடு கொடைக்கானலுக்கு வந்து, ஊரை ஒட்டிய ஒரு வீட்டின் பின்பக்கம் 20-க்கு 14 அடியில் பட்டறை போட்டேன். தகரக் கூரை, பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல், சிமெண்ட் தரை, சுவரோரம் மர அலமாரி, மூலையில் மின்சூளை என்று 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆனது. அதில் பாதியை மறுவருஷமே இடித்து மாற்ற வேண்டி வந்தது. அதற்கு இன்னொரு 1 லட்சத்து 35 ஆயிரம். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இரண்டாவது செலவு வந்திருக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் அடி ஜூலையில் விழுந்தது. கோப்பைகள் மூன்று வாரமாக அலமாரியில் இருந்தன. நிறம் வெளுத்திருந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பி, புதுச்சேரியில் வைப்பது போலவே மணிக்கு 100 டிகிரி ஏறும்படி முதல் சூட்டை வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் சூளைக்குள்ளே பட் பட்டென்று சத்தம். மறுநாள் திறந்தால் 80 உருப்படிகளில் 31 வெடித்துச் சில்லாகக் கிடந்தன. சில்லுகள் கம்பிச்சுருளின் பள்ளத்தில் எல்லாம் போய் மாட்டியிருந்தன. பக்கத்தில் இருந்த நல்ல கோப்பைகளின் விளிம்பையும் அவை உடைத்திருந்தன. மூன்று வார உழைப்பு அது. அன்றைக்கு முழுக்க அந்தச் சூளையைச் சுத்தம் செய்ய எனக்குக் கை ஓடவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெளுத்த மண் காய்ந்த மண் அல்ல. மண் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். சமவெளியில் வெயில் காலத்தில் அந்தச் சமநிலையில் கொஞ்சம்தான் ஈரம் மிஞ்சும். மேகம் வீட்டுக்குள் நுழைந்து போகிற ஊரில் நிறையவே மிஞ்சும். ஒரு மாதம் வைத்தாலும் குறையாது. பனிமூட்டம் வந்தால் காய்ந்ததுகூட ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மண்ணுக்குள் இருக்கிற ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகிறது. வெளியே வர வழி கிடைக்காவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வரும். 'நூறைத் தாண்டும்வரை மெதுவாக ஏற்று' என்று சமவெளியில் சொல்லிக் கொடுத்ததை மலையில் 'எண்பதில் நிறுத்து' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது சூளையின் மேல் துவாரத்தைத் திறந்து வைத்து, 80 டிகிரியில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் நிறுத்துகிறேன். பெரும்பாலும் ராத்திரி முழுக்க. காலையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் துவாரத்துக்கு மேலே சில நொடி காட்டினால் தெரிந்துவிடும். கண்ணாடி மங்கினால் இன்னும் ஈரம் வந்துகொண்டிருக்கிறது. மங்காவிட்டால்தான் சூட்டை ஏற்றுவேன்.

ஆனால் சூளையை வைத்துச் சமாளிப்பது பாதித் தீர்வுதான். உண்மையான கேள்வி, அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்பது. பட்டறை கட்டுமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பிசைந்த மண்ணில் எடைக்குச் சுமார் 22 சதவீதம் தண்ணீர். 400 கிராம் மண்ணில் எடுத்த 40 கோப்பை என்றால் மொத்தம் 16 கிலோ மண், அதில் மூன்றரை லிட்டர் தண்ணீர். அந்த மூன்றரை லிட்டரும் அறையை விட்டு வெளியே போனால்தான் கோப்பை காயும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். சமவெளியில் அதை வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்கின்றன. இங்கே நாம்தான் கொடுக்க வேண்டும்.

இது தெரியாமல் நான் செய்தது, அறை ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டது. மின் கட்டணம் ஏறியது, கோப்பைகள் காயவில்லை. சூடான காற்று மண்ணிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு, நீர்த்துளியாகி, மீண்டும் கோப்பைகளின் மேலேயே சொட்டியது. காய்ந்த கோப்பையின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மட்டும் ஊறி விரிந்து மயிரிழையாக விரிசல் விடும். காலையில் வந்து பார்த்தால் பலகை பலகையாக அப்படி இருந்தன. மலையில் வெறும் தகரக் கூரை போடாதீர்கள். போட்டுவிட்டால், அடியில் காற்று இடைவெளி விட்டுத் தடுப்புக்கூரை அடியுங்கள். நான் இரண்டு அங்குலத் தெர்மோகோல் வைத்து, அதன் அடியில் சிமெண்ட் போர்டு அடித்தேன். அந்த வேலைக்கு மட்டும் 38 ஆயிரம் ஆனது. சொட்டுவது நின்றது. மரச்சட்டங்களில் தூசி படிவதும் அதோடு நின்றது.

பிறகு அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டு, ஒரு அலமாரியை மட்டும் சூடாக்கினேன். இதுதான் இந்தப் பட்டறையில் நான் செய்த மிகப் பயனுள்ள மாற்றம் என்பதால் அளவோடு சொல்கிறேன். உள்ளே மூன்றடி இரண்டு அங்குல அகலம், 22 அங்குல ஆழம், ஆறரை அடி உயரம். தட்டுகளுக்குப் பலகை போடவில்லை, ரீப்பர் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருக்கிறேன், காற்று மேலே ஏறிப் போவதற்காக. ஐந்து தட்டு. கோப்பைகளை அடுக்கித் தூக்கிப் போகிற வேலைப்பலகை தட்டுக்கு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கீழே தரைக்குச் சற்று மேலே கையகலத் திறப்பு, உச்சியில் பின்பக்கம் அதே அளவு இன்னொரு திறப்பு, அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. அடித்தட்டுக்குக் கீழே 100 வாட் பழைய மாதிரிக் குண்டு பல்பு இரண்டு, தண்ணீர் சொட்டாமல் இருக்க மேலே ஒரு தகரத் தட்டி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் வெப்பம் மிகக் குறைவு. கிடைக்காதவர்கள் அதே வாட்டில் கோழிக்குஞ்சுக்கு வைக்கிற வெப்ப பல்பைப் போடலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். வெளியே 14 டிகிரியில், ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கிற காற்றை 24 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் இருக்கிற தண்ணீர் அப்படியே இருந்தாலும் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிக் குறைந்துவிடும். சூடான காற்றுக்கு இன்னும் நிறையத் தண்ணீரைச் சுமக்க இடம் இருக்கிறது. ஆனால் சுமந்ததை வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லையென்றால் அரை நாளில் அதுவும் நிரம்பிவிடும். அதனால்தான் கீழ்த்திறப்பும் மேல்திறப்பும். இரண்டில் ஒன்றை அடைத்தாலும் அலமாரி வெறும் நீராவிப் பெட்டிதான். 300 ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். 60-க்கு மேல் நின்றால் திறப்பைப் பெரிதாக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எடுத்தவுடனே உள்ளே வைக்கக் கூடாது. மண் சுருங்குவதெல்லாம் முதல் பாதி ஈரம் போகும்போதுதான். அந்த நேரத்தில் மெலிந்த விளிம்பும் கைப்பிடியும் முந்திக்கொண்டு காய்ந்தால் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் வரும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் அறையிலேயே, தளர்வாகப் பிளாஸ்டிக் தாள் மூடி வைக்கிறேன். நிறம் மாறத் தொடங்கிய பிறகு அலமாரிக்கு மாற்றுகிறேன். அதற்குமேல் சுருக்கம் இல்லை, சூட்டைத் தாங்கும். மூன்று வாரம் கிடந்தது இப்போது ஒரு வாரத்துக்குள் முடிகிறது. காய்ந்ததா என்று பார்க்க, அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பலகைக்கு ஒரு கோப்பையைச் சமையல் தராசில் எடை போட்டு எழுதி வைத்து, மறுநாள் மறுபடி போடுவேன். இரண்டு நாள் எடை மாறாவிட்டால் சூளைக்குத் தயார்.

இனி தூசி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது, என் மேலேயே. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்து, காயட்டும் என்று மின்விசிறியையும் ஓடவிட்டு, சாயங்காலம் விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் இருமல் பிடித்து விடவே இல்லை. மருத்துவர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, 'இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் என்ன தூசியில் வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டார். களிமண்ணிலும், பாத்திரத்துக்குக் கண்ணாடி போன்ற பூச்சு தருகிற கிளேஸ் பொடிகளிலும் குவார்ட்ஸ் எனும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, வருஷக்கணக்கில் தழும்பாக்கும். அந்தத் தழும்பை மாற்ற மருந்து கிடையாது. அசையாத காற்றில் அந்த நுண்தூசி மணிக்கணக்கில் மிதக்கும். பெருக்கிய அன்றைக்கு ராத்திரி வந்து மூச்சு விட்டாலும் அது அங்கேதான் இருக்கும்.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அறையின் அந்தக் கோடியில் ஒரு டார்ச்சை உங்கள் பக்கம் பார்த்து வைத்து, வெளிச்சக் கற்றைக்குச் சற்று விலகி நின்று, வேலை உடுப்பை ஒரு தட்டு தட்டுங்கள். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். அன்றைக்கே விளக்குமாற்றைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்துப் போட்டேன்.

தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி சக்கரத்தடியில் சிந்திக் காய்ந்து, காலில் மிதிபட்டு அரைபடுகிற மண். ஆகவே பதில் முகமூடியில் இல்லை, தரையில் இருக்கிறது. என் முதல் தரை சொரசொரப்பான சிமெண்ட். துடைத்தாலும் குழிகளில் மண் தங்கிவிடும். மாற்றச் சொன்னபோது கொத்தனார், 'அக்கா, வழவழன்னு போட்டா தண்ணி பட்டதும் வழுக்கிருமே' என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் மழமழப்பாகத் தேய்த்துச் செவ்வண்ண ஆக்சைடு போட்டு, காலுக்கு ரப்பர் அடிச் செருப்பு என்று முடிவு செய்தோம். நூறு அடிக்கு ஒரு அடி என்கிற கணக்கில் ஒரு பக்கம் வாட்டம். தரையும் சுவரும் சேருகிற மூலையை வளைவாகப் பூசச் சொன்னேன், துடைப்பான் உள்ளே போகும்படி. சுவருக்கு நாலடி உயரம்வரை எனாமல். ஜன்னல் அடிக்கட்டையைச் சாய்வாகப் பூசினால் அதில் எதையும் வைக்க முடியாது, தூசியும் தங்காது. தினமும் வேலை முடிந்ததும், மண் காய்வதற்குள் ஈரத்துடைப்பான் இரண்டு முறை, இரண்டு வாளித் தண்ணீரில். முதல் முறை துடைத்தால் மண் கரைந்து பரவும், இரண்டாவதில்தான் வெளியேறும். வீட்டில் தரை துடைக்கிற சாதாரண வேக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள், நுண்தூசியை அது பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

சீவிய மண் துருவல் தரையில் விழவே கூடாது. சக்கரத்துக்கு அருகே பாதித் தண்ணீரோடு ஒரு வாளி, துருவல் நேரே அதற்குள். காய்ந்த மண்ணைத் தட்டியோ நொறுக்கியோ கரைப்பதை விட்டுவிட்டேன். கிளேஸ் கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியை அதன் பரப்புக்கு அருகில் கரண்டியோடு தாழ்த்தி மெல்லச் சாய்க்க வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற என்95 முகமூடி. துணி முகமூடி இதற்குப் போதாது.

கழுவுகிற தண்ணீரும் ஒரு செலவு வைத்தது. தொட்டிக் குழாயை நேரே உறிஞ்சுகுழிக்கு விட்டிருந்தேன். ஆறே மாதத்தில் குழியின் அடி மண்பூசியது போல அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே நின்றது. தோண்டி எடுக்க 9 ஆயிரம். இப்போது 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று வரிசையாக, ஒன்றின் மேல்மட்டத்திலிருந்து அடுத்ததற்கு வழியும்படி வைத்திருக்கிறேன். மண் முதல் டிரம்மிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். மாதம் ஒருமுறை வழித்துப் பழைய மண்ணோடு சேர்த்துவிடலாம்.

வெளிச்சத்தில் நான் செய்த தவறு அழகுக்கு மயங்கியது. பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் தென்மேற்கே இருந்தது. மூன்று மணி வெயில் நேரே கண்ணில் அடித்தது. சக்கரத்தில் இருக்கிற பாத்திரத்தின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணியது. கூரையில் ஒளிபுகும் தகடு இரண்டு போட்டிருந்தேன். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பாத்திரத்தின் வளைவு தட்டையாகத் தெரியும், சுவரின் மேடுபள்ளம் கண்ணுக்கே படாது. பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற வெளிச்சம்தான் விரல் தடத்தையும் கோணலையும் காட்டும். இப்போது சக்கரங்கள் வடக்குச் சுவரோரம், மேசை மட்டத்திலிருந்து ஏழடி உயரம்வரை ஜன்னல்.

வடக்கு வெளிச்சம் வருஷம் முழுக்க வெயில் படாதது என்று வெளிநாட்டு நூல்களில் இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் இருப்பது பத்து டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து இருக்கும். உச்சி வெயிலை இரண்டடி நீட்டிய சன்ஷேட் தடுத்துவிடும், ஆனால் காலையும் மாலையும் சாய்ந்து வருகிற வெயிலுக்கு ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அடிப் பக்கத்தடுப்பு வேண்டும். தெற்குச் சுவருக்கு இதற்கு நேர்மாறு. மார்கழி, தை மாதங்களில் வெயில் சாய்ந்து அறைக்குள் நன்றாக விழும். காய வைக்கிற பலகைகளையும் அலமாரியையும் அந்தப் பக்கம் வைத்தேன். மூடுபனி இறங்கிய பகலில் மூன்று மணிக்கே இருட்டும். அதற்குச் சக்கரத்தின் இடப்பக்கம் தோள் உயரத்தில் ஒரு டியூப் லைட் போதும்.

இப்போது வேலை ஒரே திசையில் போகிறது. மண் மூட்டை கிழக்கு வாசலில் இறங்கி, குளிர்ந்த வடகிழக்கு மூலையில் தரையோடு இருக்கிறது, தூக்கி அடுக்கத் தேவையில்லை. அடுத்து பிசையும் மேசை, நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடும் உயரத்தில். பிறகு சக்கரம், அறைக்குக் குறுக்கே காயும் அலமாரி, மேற்கே தடுப்புச்சுவருக்கு அப்பால் சூளை. கிளேஸ் மூலை சூளைப் பக்கமே, வெளிக்காற்றுக்குத் தனி வாசலோடு. ஈரமான பாத்திரம் போகிற வழியில் பொடி வருவதில்லை. எல்லாவற்றுக்கும் அளவுகோல் வேலைப்பலகை: மூன்றடி நீளம், பத்து அங்குல அகலம், பன்னிரண்டு கோப்பை, ஐந்து கிலோ, ஒருவர் தூக்கலாம். முன்பு ஐந்தடிப் பலகை வைத்திருந்து, சூளை வாசலில் திரும்ப முடியாமல் ஒரு வரிசைக் கோப்பையையே சாய்த்திருக்கிறேன். பலகை அளவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு அலமாரிக்கும் வாசலுக்கும் அளவு கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் அக்டோபர், நவம்பர் மழைக்கு நான் பணிந்துதான் போகிறேன். அந்த நாட்களில் மின்சாரம் அடிக்கடி போகும், அலமாரி குளிர்ந்தால் காய்ந்ததும் ஈரம் இழுக்கும். மின்னழுத்தமும் குறைகிறது. 230 வோல்ட்டுக்குச் செய்த சூளைக்கு 190 வந்தால் கம்பிச்சுருள் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம்தான் தரும், கடைசி உச்சச் சூட்டுக்கு ஏறாமலே தவிக்கும். அந்த இரண்டு மாதமும் பெரிய தட்டுகள் எடுப்பதில்லை, சின்னக் கிண்ணங்கள் மட்டும். கிளேஸ் சூட்டைப் பின்னிரவில் அழுத்தம் நிலையாக இருக்கும்போது வைக்கிறேன். பெரிய தட்டுகளுக்கு ஆர்டர் வந்தால் ஜனவரியில் தருகிறேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.